ஃப்ரெஷர் போர்ட்ஃபோலியோ: எந்த ப்ராஜெக்ட்டை வைப்பது, எதை எடுப்பது, எப்படி எழுதுவது

பி.இ. முடித்துவிட்டு வெப் டெவலப்பர் வேலை தேடும் ஒரு மாணவி தன் போர்ட்ஃபோலியோ தளத்தைப் பார்த்துச் சொல்லும்படி அனுப்பியிருந்தார். ரியாக்ட், நோட், மாங்கோடிபி தெரிந்தவர். பல ஃப்ரெஷர்களின் தளம் இந்த அமைப்பில்தான் இருக்கும் என்பதால், அதையே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போகலாம்.

தளத்தின் மேலே பெயர் ஓர் எழுத்து ஓர் எழுத்தாகத் தட்டச்சாகிறது. கீழே "ஜாவாஸ்கிரிப்ட் 90%, ரியாக்ட் 85%" என்று பட்டைகள். அதற்கும் கீழே ஆறு ப்ராஜெக்ட்: நெட்ஃப்ளிக்ஸ் முகப்பின் நகல், வானிலை ஆப், டு-டூ லிஸ்ட், கால்குலேட்டர், முகத்தை அடையாளம் கண்டு வருகைப் பதிவு செய்யும் இறுதியாண்டு ப்ராஜெக்ட், கடைசியாக "ஆர்டர் மேனேஜ்மென்ட் சிஸ்டம்". ஆறுக்கும் ஒரே அளவு கட்டம், ஒரே நீளத்தில் இரண்டு வரி விவரம்.

## முதல் படி: உங்கள் கணினியை விட்டு வெளியே வந்து திறங்கள்

எதை வைப்பது என்று யோசிப்பதற்கு முன், வைத்திருப்பது திறக்கிறதா என்று பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் பார்த்தால் தெரியாது. வேறொருவருடைய போனில், மொபைல் டேட்டாவில், இன்காக்னிட்டோ விண்டோவில் எல்லா லிங்க்கையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். இந்த மாணவியின் தளத்தில் அப்படிப் பார்த்ததும் நான்கு இடங்களில் நின்றது.

ரெஸ்யூமே கூகுள் டிரைவில் இருந்தது, திறந்தால் அனுமதி கேட்டது. அவருடைய பிரவுசரில் அவரே உள்நுழைந்திருந்ததால் இதுவரை அவருக்குத் தெரியவில்லை. பிடிஎஃப் கோப்பைத் தளத்திலேயே வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டின் கிட்ஹப் லிங்க் 404 காட்டியது. ரெப்போ பிரைவேட்டாக இருந்ததுதான் காரணம்.

வானிலை ஆப்பில் ஊர் பெயர் போட்டால் எதுவும் வரவில்லை. கோடில் வானிலைத் தகவலைக் கேட்கும் முகவரி `http://` என்று தொடங்கியது, தளமோ `https` இல் ஓடுகிறது. அப்படிப்பட்ட கோரிக்கையை பிரவுசர் தடுத்துவிடும், கன்சோலில் "Mixed Content" என்று எழுதும். லோக்கலில் தளமும் `http` தான் என்பதால் அங்கே நன்றாக ஓடியது.

நான்காவது, எல்லோரும் அடிக்கடி மாட்டிக்கொள்வது. ஆர்டர் ஆப்பில் லாகின் பட்டனை அழுத்தினால் சுற்றிக்கொண்டே இருந்தது. ரெண்டர் என்ற ஹோஸ்டிங் சேவையின் இலவசத் திட்டத்தில் 15 நிமிடம் யாரும் வராவிட்டால் சர்வர் தூங்கிவிடும். அடுத்து வருபவருக்கு அது எழுந்து பதில் சொல்ல ஒரு நிமிடம் வரை ஆகலாம். உங்கள் தளத்தைப் பார்ப்பவர் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார், உடைந்துவிட்டது என்று மூடிவிடுவார். பணம் கட்டி சர்வரை விழிப்பாக வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. லாகின் பக்கம் திறந்த உடனேயே பின்னணியில் சர்வருக்கு ஒரு சின்னக் கோரிக்கை அனுப்பிவிடுங்கள், "சர்வர் தொடங்குகிறது, ஒரு நிமிடம் வரை ஆகலாம்" என்று திரையில் ஒரு வரி காட்டுங்கள். அதோடு ப்ராஜெக்ட் பக்கத்திலேயே மூன்று, நான்கு ஸ்க்ரீன்ஷாட்டும் 40 நொடிக்குள் ஒரு வீடியோவும் வையுங்கள். ஆப்பைத் திறக்காமலே அது என்ன செய்கிறது என்று புரிந்துவிடும்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு தவறு இருக்கிறது. ஃப்ரன்ட்எண்ட் கோடில் `http://localhost:5000` என்று எழுதி அப்படியே டெப்ளாய் செய்துவிடுவது. உங்கள் கணினியில் பேக்எண்ட் ஓடிக்கொண்டிருந்தால் உங்களுக்கு மட்டும் வேலை செய்யும். வைட் பயன்படுத்துபவர்கள் முகவரியை என்விரான்மென்ட் வேரியபிளில் வையுங்கள்:

```js
const API = import.meta.env.VITE_API_URL;
```

இந்த மதிப்பு பில்டு நேரத்திலேயே கோடுக்குள் போய்விடும். அதனால் நெட்லிஃபையிலோ வெர்சலிலோ மதிப்பை மாற்றினால் மறுபடி டெப்ளாய் செய்தால்தான் மாறும். `VITE_` என்று தொடங்கும் எதுவும் பிரவுசரில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் ரகசியச் சாவிகளை அதில் வைக்கக் கூடாது.

## இரண்டாம் படி: ஆறிலிருந்து இரண்டுக்கு

ஒவ்வொரு ப்ராஜெக்ட்டைப் பற்றியும் நான் அவரிடம் கேட்டது இவ்வளவுதான்: இதை உங்களைத் தவிர யார் பயன்படுத்தினார்கள்? இதில் எந்த முடிவை நீங்களாக எடுத்தீர்கள்? நேர்முகத் தேர்வில் "இதில் ஒரு சின்ன மாற்றம் செய்து காட்டுங்கள்" என்றால் எந்த ஃபைலைத் திறப்பீர்கள்?

நெட்ஃப்ளிக்ஸ் நகலுக்கு முதல் இரண்டு கேள்விக்கும் பதில் இல்லை. வடிவம், நிறம், எந்தப் பட்டன் எங்கே என்று எல்லாமே வேறொருவர் முடிவு செய்தது. படிக்கும் காலத்தில் சிஎஸ்எஸ் பழக அது நல்ல பயிற்சிதான். ஆனால் அதே யூட்யூப் பாடத்தைப் பார்த்துச் செய்த அதே பக்கத்தை ஆள் எடுப்பவர் பலமுறை பார்த்திருப்பார், உங்களுடையதில் கேட்பதற்கு அவருக்கு எதுவும் இருக்காது. டு-டூ லிஸ்ட், கால்குலேட்டர் இரண்டும் அப்படித்தான். அழிக்க வேண்டாம், கிட்ஹப்பில் இருக்கட்டும். போர்ட்ஃபோலியோ பக்கத்திலிருந்து எடுத்துவிடலாம்.

வானிலை ஆப்பும் போகட்டும் என்றேன். "ஏபிஐ தெரியும்னு அதுல தானே அண்ணா காட்ட முடியும்?" என்று கேட்டார். ஆர்டர் ஆப்பில் ஏபிஐயை அவரே எழுதியிருக்கிறார். அடுத்தவர் எழுதிய ஏபிஐயை அழைத்ததைத் தனியாகக் காட்டத் தேவையில்லை.

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில்தான் கொஞ்சம் நேரம் எடுத்தது. நான்கு பேர் சேர்ந்து செய்தது. தளத்தில் "98% துல்லியம்" என்று போட்டிருந்தார். எத்தனை பேரின் முகத்தில் சோதித்தீர்கள், பழக்கிய படங்களும் சோதித்த படங்களும் வேறு வேறா என்று கேட்டேன். அந்தப் பகுதியைக் குழுவில் இன்னொருவர் செய்தார், எண் அறிக்கையிலிருந்து வந்தது என்றார். எப்படி அளந்தோம் என்று சொல்ல முடியாத எண்ணைத் தளத்தில் வைக்காதீர்கள். முதல் கேள்வியே அதில்தான் விழும், அதற்குப் பதில் இல்லாவிட்டால் நீங்கள் உண்மையாகச் செய்ததையும் சந்தேகிப்பார்கள்.

சரி, அவர் செய்தது எது? வருகைத் தரவை டேட்டாபேஸில் சேமிப்பதும், வகுப்பு வாரியாக மாதாந்திர அறிக்கை எடுக்கும் பக்கமும். ஒரே மாணவர் ஒரு பீரியடில் கேமரா முன் இரண்டு முறை வந்தால் இரண்டு பதிவு விழாமல் தடுத்ததும் அவர்தான். இது போதும். இந்த ப்ராஜெக்ட்டை இரண்டாவதாக வைத்து, "நான்கு பேர் குழு. முகத்தை அடையாளம் காணும் பகுதியை நான் எழுதவில்லை. பதிவும் அறிக்கையும் என் பொறுப்பு" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடச் சொன்னேன். குழுவில் மற்றவர்கள் முழுவதையும் தங்கள் பெயரில் போட்டிருக்கும்போது இப்படிப் பிரித்து எழுதினால் மதிப்பு குறையுமோ என்று அவர் தயங்கினார். குறையாது. அடுத்து வரும் கேள்விகள் அவருக்குத் தெரிந்த பகுதிக்குள்ளேயே வரும்.

அந்த ஆறாவது கட்டம், கடைசி மூலையில் இருந்த "ஆர்டர் மேனேஜ்மென்ட் சிஸ்டம்", விசாரித்தால் அவருடைய அத்தை நடத்தும் தையல் கடைக்காகச் செய்தது. அத்தை மகள் அதைத் தினமும் பயன்படுத்துகிறார். இதைச் சொல்லும் ஒரு வார்த்தைகூடத் தளத்தில் இல்லை. "சின்ன கடைக்குச் செஞ்சதுன்னு போட்டா நல்லா இருக்காதுன்னு நெனச்சேன்" என்றார். ஆறில் முதலில் வர வேண்டியது இதுதான்.

உங்களிடம் இப்படி ஒன்றுகூட இல்லை, நகல்கள் மட்டும்தான் இருக்கின்றன என்றால் புதிதாக ஏழாவது நகல் செய்ய வேண்டாம். தெரிந்தவர்களில் நோட்டுப் புத்தகத்திலோ வாட்ஸ்அப்பிலோ கணக்கு வைத்திருக்கும் ஒருவரைத் தேடுங்கள்: தண்ணீர் கேன் போடுபவர், டியூஷன் எடுப்பவர், விடுதி மெஸ் பொறுப்பாளர். அவருடைய வேலையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் எடுத்துச் செய்து, அவர் கையில் இரண்டு வாரம் கொடுத்துவிட்டுப் பாருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறார் என்பதில் உங்களுக்கு எழுத விஷயம் கிடைக்கும்.

## மூன்றாம் படி: விவரத்தை எழுதுவது

தளத்தில் இருந்த விவரம் ஆங்கிலத்தில். அதன் பொருள் இது: "திறமையான ஆர்டர் நிர்வாகத்துக்கான முழுமையான மெர்ன் ஸ்டாக் செயலி. எளிய இடைமுகமும் பாதுகாப்பான உள்நுழைவும் கொண்டது." இதை ஓட்டலுக்கும் போடலாம், மருந்துக் கடைக்கும் போடலாம். தையல் கடையின் அடையாளம் எதுவுமே இதில் இல்லை.

தளத்தில் ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள். ஆனால் முதல் வரைவைத் தமிழில் எழுதுங்கள், அத்தையிடம் சொல்வது போல. பிறகு அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக மாற்றுங்கள். நேராக ஆங்கிலத்தில் தொடங்கினால் மற்ற ரெஸ்யூமேக்களில் படித்த பெரிய சொற்கள்தான் கைக்கு வரும்.

வரைவுக்கு விஷயம் வேண்டும் என்பதற்காக அவரிடம் கேட்டுக்கொண்டே போனேன். முன்பு கடையில் எப்படி நடந்தது? அளவு நோட்டு. ஒரு வாடிக்கையாளர் ஆறு மாதம் கழித்து வந்தால் பழைய அளவைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். தீபாவளி நேரத்தில் எந்தத் தேதிக்கு எத்தனை பிளவுஸ் ஒப்புக்கொண்டோம் என்று தெரியாமல் ஒரே நாளில் குவிந்துவிடும். இந்த இரண்டு பிரச்சினைக்காகத்தான் ஆப்.

செய்யும்போது என்ன உடைந்தது என்று அடுத்து கேட்டேன். இங்கேதான் நல்ல விஷயம் வெளியே வந்தது. வாடிக்கையாளரை போன் எண்ணால் அடையாளம் காணலாம் என்று முடிவு செய்து, அந்தப் புலத்துக்கு `unique: true` போட்டிருந்தார். முதல் வாரமே `E11000 duplicate key error` வந்தது. அம்மாவும் இரண்டு மகள்களும் ஒரே எண்ணைக் கொடுக்கிறார்கள், ஆனால் அளவு மூவருக்கும் வேறு. பாடங்களில் எல்லாம் ஒருவருக்கு ஓர் எண் என்றுதான் இருக்கும், கடையில் அப்படி இல்லை. ஒரு போன் எண்ணின் கீழ் பல பேர் வரும்படி டேட்டாபேஸ் அமைப்பை மாற்றினார்.

இன்னொன்று தேதி. டெலிவரி தேதி சில ஆர்டர்களில் ஒரு நாள் முன்னால் காட்டியது. தேதி தேர்வுப் பெட்டி கொடுத்தது இந்திய நேரப்படி நள்ளிரவு. அது சர்வருக்குப் போகும்போது யுடிசியாக மாறுகிறது, அதாவது ஐந்தரை மணி நேரம் பின்னால்:

```js
new Date(2024, 9, 30).toISOString()
// "2024-10-29T18:30:00.000Z"
```

(மாதம் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணப்படுவதால் 9 என்றால் அக்டோபர்.) சர்வரில் இந்தச் சரத்தின் முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்ததால் 30 என்பது 29 ஆனது. எல்லா ஆர்டர்களிலும் இப்படி வராததால், கண்டுபிடிக்க அவருக்கு நேரம் எடுத்திருக்கிறது. டெலிவரி தேதிக்கு மணி நேரம் தேவையே இல்லை என்று புரிந்து, அதை `2024-10-30` என்ற வெறும் சரமாகவே சேமிக்கும்படி மாற்றினார்.

இந்த இரண்டும் ஆள் எடுப்பவருக்கு "ரியாக்ட் 85%" என்பதைவிட எவ்வளவோ அதிகம் சொல்லும். அவர் கையில் நிஜமான தரவு வந்திருக்கிறது, பிழையின் காரணம் வரை போயிருக்கிறார், திருத்தம் ஏன் வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியும்.

இதையெல்லாம் சேர்த்து நாங்கள் எழுதிய வரைவு:

> தையல் கடைக்கான ஆர்டர் பதிவேடு. என் அத்தையின் கடையில் பழைய அளவைத் தேடுவதும், ஒரே நாளில் டெலிவரி குவிவதும் பிரச்சினையாக இருந்தன. போன் எண்ணைப் போட்டால் அந்தக் குடும்பத்தில் உள்ளவர்களும் அவரவர் கடைசி அளவும் வரும். தேதியைத் தேர்ந்தெடுக்கும்போதே அன்று ஏற்கெனவே எத்தனை ஆர்டர் இருக்கிறது என்று காட்டும். தொடக்கத்தில் போன் எண்ணைத் தனித்துவமாக வைத்திருந்தேன். ஒரே எண்ணைப் பலர் தந்ததால் அமைப்பை மாற்றினேன். டெலிவரி தேதி ஒரு நாள் முன்னால் காட்டிய பிழையின் காரணத்தையும் திருத்தத்தையும் ரீட்மீயில் எழுதியிருக்கிறேன். அளவை இன்னமும் முதலில் நோட்டில்தான் எழுதுகிறார்கள், மாலையில் ஆப்பில் ஏற்றுகிறார்கள். ரியாக்ட், எக்ஸ்பிரஸ், மாங்கோடிபி.

இதில் மூன்றைக் கவனியுங்கள். தொழில்நுட்பப் பெயர்கள் கடைசி வரியில் இருக்கின்றன. ஆப் செய்யாத ஒன்றும் சொல்லப்பட்டிருக்கிறது: நோட்டு இன்னும் இருக்கிறது. அதை எடுத்துவிடலாமா என்று அவர் கேட்டார், வேண்டாம் என்றேன். "ஏன் நேராக ஆப்பில் ஏற்றுவதில்லை?" என்று யாராவது கேட்டால், அளவு டேப்பைக் கையில் பிடித்திருக்கும்போது போனில் தட்ட முடியாது என்று அவரால் விளக்க முடியும். பயன்படுத்துபவரைப் பக்கத்தில் நின்று பார்த்த ஒருவரால்தான் அதைச் சொல்ல முடியும். அப்புறம், "நேரம் 70% மிச்சம்" போன்ற எண் எதுவும் இல்லை. அவர் அளக்கவில்லை, அதனால் எழுதவில்லை.

பெயரையும் மாற்றினோம். "ஆர்டர் மேனேஜ்மென்ட் சிஸ்டம்" போய் "தையல் கடை ஆர்டர் பதிவேடு" வந்தது.

## நான்காம் படி: டெமோவுக்கும் ரெப்போவுக்கும் முன் ஒரு முக்கியமான சோதனை

அவருடைய டெமோ லிங்க் கடையில் ஓடும் அதே டேட்டாபேஸில்தான் இணைந்திருந்தது. லாகின் விவரத்தை ரீட்மீயில் போட்டிருந்தார். உள்ளே போனால் நிஜப் பெண்களின் பெயர், போன் எண், உடல் அளவு எல்லாம் தெரிந்தன. இதைப் பார்த்ததும் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் இதைச் சரிசெய்யச் சொன்னேன். அந்த வாடிக்கையாளர்கள் அத்தையை நம்பிக் கொடுத்த தகவல் அது, யாருடைய வேலை தேடலுக்காகவும் வெளியே வரக் கூடாது.

டெமோவுக்குத் தனி டேட்டாபேஸ் வையுங்கள். கற்பனைப் பெயர்களில் இருபது முப்பது ஆர்டரை ஏற்றும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுங்கள். அதில் ஒரே எண்ணில் மூன்று பேர் உள்ள குடும்பமும், டெலிவரி குவிந்த ஒரு நாளும் இருக்கட்டும். நீங்கள் விவரத்தில் சொன்ன அம்சங்கள் டெமோவில் உடனே கண்ணில் படும். ஸ்க்ரீன்ஷாட்டுகளையும் இந்தத் தரவிலிருந்தே எடுங்கள். கடையில் ஓடும் ஆப்பின் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

அடுத்து ரெப்போ. `.env` ஃபைலை ஒருமுறையாவது கமிட் செய்திருக்கிறீர்களா என்று இப்படிப் பார்க்கலாம்:

```
git log --all -- .env "*/.env"
```

ஏதாவது வரி வந்தால், பிறகு அந்த ஃபைலை அழித்திருந்தாலும் பழைய கமிட்டில் அது இருக்கிறது. அதிலிருந்த டேட்டாபேஸ் கடவுச்சொல்லையும் மற்ற சாவிகளையும் மாற்றுங்கள், அதுதான் உண்மையான திருத்தம். பிறகு ஃபைல் இன்னும் ரெப்போவில் இருந்தால் `git rm --cached` மூலம் அதை எடுத்துவிட்டு, `.gitignore` இல் அந்தப் பெயரைச் சேர்த்து, மதிப்புகள் இல்லாத `.env.example` ஒன்றை வையுங்கள். கோடை இறக்கி ஓட்டிப் பார்ப்பவருக்கு என்னென்ன தேவை என்று அதில் தெரியும்.

ரீட்மீயில் ரியாக்ட்டோடு தானாக வந்த உரை இருந்தால் நீக்கிவிடுங்கள். மேலே எழுதிய விவரம், ஸ்க்ரீன்ஷாட், ஓட்டும் முறை, தேதிப் பிழையைப் பற்றி ஒரு பத்தி, இவ்வளவு போதும். அந்தப் பத்தியிலிருந்து திருத்தம் செய்த கமிட்டுக்கு லிங்க் கொடுங்கள்.

## ஐந்தாம் படி: பக்கத்தை அடுக்குவது

இதில் சொல்ல அதிகம் இல்லை. மேலே பெயர், எந்த வேலை தேடுகிறீர்கள் என்று ஒரு வரி, கிட்ஹப், மின்னஞ்சல், ரெஸ்யூமே. உடனே கீழே தையல் கடை ஆப் பெரிதாக, அதன் கீழ் இறுதியாண்டு ப்ராஜெக்ட் சிறிதாக. சதவீதப் பட்டைகளை எடுத்துவிடுங்கள். "90% என்றால் மீதி 10% எது?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. தட்டச்சாகும் பெயர் அனிமேஷன், லோடிங் திரை இரண்டும் பார்ப்பவரைக் காக்க வைப்பதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை.

## ஆறாம் படி: எழுதிய ஒவ்வொரு வரியையும் வாயால் விளக்கிப் பாருங்கள்

ஒரு நண்பரிடம் விவரத்தைக் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஏன்?" என்று கேட்கச் சொல்லுங்கள். தையல் கடை ஆப்பில் வரக்கூடியவை: பெயரும் எண்ணும் ஒன்றாக உள்ள இருவர் வந்தால்? தேதியைச் சரமாக வைத்தால் இந்த வாரத்து ஆர்டர்களை எப்படித் தேடுவீர்கள்? இரண்டாவது கேள்வியில் அவர் முதலில் திணறினார். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், மாதத்தையும் நாளையும் இரண்டு இலக்கமாக எழுதினால் சரங்களை ஒப்பிடும்போதே தேதி வரிசை சரியாக வரும், அதனால் `$gte`, `$lte` அப்படியே வேலை செய்யும். தன் கோடில் அதைத்தான் செய்திருந்தார், ஏன் வேலை செய்கிறது என்று யோசித்ததில்லை. பதில் வராத வரி எது என்று இப்படித் தெரிந்தால், அதைப் படித்துக்கொள்ளுங்கள் அல்லது தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

விண்ணப்பங்கள் அனுப்பும் மாதங்களில் முதல் படியை வாரம் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். இலவசச் சேவைகள் தாமாகவே நின்றுபோகும். ரெண்டரின் இலவச போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 30 நாளில் காலாவதியாகிவிடும், சூபாபேஸின் இலவசத் திட்டத்தில் ஒரு வாரம் யாரும் பயன்படுத்தாவிட்டால் ப்ராஜெக்ட் இடைநிறுத்தப்படும். நேர்முகத் தேர்வு நாளன்று உள்ளே போவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் டெமோவை ஒருமுறை திறந்துவிடுங்கள், சர்வர் விழித்திருக்கும்.